பில் கையில் இருந்தும் இன்புட் ஏன் வரவில்லை?

கோவையில் ஒரு சின்ன மரச்சாமான் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலமாரி, கட்டில், சமையலறை கப்போர்டு செய்து விற்கிறார்கள். 2025 நவம்பர் மாதக் கணக்கை முடிக்க டிசம்பர் நடுவில் முதலாளி பில் கட்டோடு வந்து உட்காருகிறார். வரும்போதே வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த மாதம் ₹2,50,000-க்கு விற்பனை. 18 சதவீதம் வீதம் வாங்கிய வரி ₹45,000. வாங்கிய பில்களில் உள்ள வரியைக் கூட்டினால் ₹33,600. கழித்தால் ₹11,400 கட்டினால் போதும். அதை மட்டும் வங்கியில் எடுத்து வைத்திருக்கிறார்.

அவர் உண்மையில் கட்ட வேண்டியது ₹25,200.

"பில்லு எல்லாமே இருக்குதுங்களே, அப்புறம் எப்படி வராதுங்கறீங்க?" என்பார். நியாயமான கேள்விதான். அந்தப் பில் கட்டுக்குள் இருக்கும் ஆறு பில்லையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே இன்புட் என்ற விஷயம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் இன்புட் என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நாம் சரக்கு வாங்கும்போது விற்றவருக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை, நாம் விற்கும்போது வசூலித்த ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டுவது. சட்டத் தமிழில் உள்ளீட்டு வரி வரவு என்பார்கள். கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்புட் எடுப்பது என்பதுதான் பேச்சு. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 16-வது பிரிவு எப்போது எடுக்கலாம் என்று சொல்கிறது, 17-வது பிரிவு எதற்கெல்லாம் கூடாது என்று சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஆறு பில்லும் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஒழுங்கான பில் ஒன்று

முதல் பில் நவம்பர் 5-ஆம் தேதி திருப்பூர் வியாபாரியிடம் வாங்கிய பிளைவுட். சரக்கு மதிப்பு ₹1,00,000. மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி ₹9,000, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி ₹9,000. மொத்தம் ₹1,18,000.

இந்தப் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம், ஏனென்றால் மற்றவை எங்கே தவறுகின்றன என்பதை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும். தலைப்பில் வரிப் பட்டியல் என்று பொருள்படும் "Tax Invoice" என்ற சொல் இருக்கிறது. விற்றவரின் பெயர், முகவரி, 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. 33 என்பது தமிழ்நாட்டின் குறியீடு. பில் எண், தேதி, நம் பட்டறையின் பெயர், நம் ஜிஎஸ்டி எண், சரக்கின் விவரம், சரக்கு வகையைக் குறிக்கும் HSN எண், அளவு, மதிப்பு, வரி வீதம், வரித் தொகை, கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. சட்டப்படி பில்லில் இருக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஆனால் ஏதோ ஒன்று விட்டுப்போனதால் உடனே இன்புட் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். விதி 36 ஒரு சலுகை தருகிறது: வரித் தொகை, சரக்கு விவரம், மொத்த மதிப்பு, இரு தரப்பு ஜிஎஸ்டி எண்கள், வெளிமாநில விற்பனையானால் எந்த மாநிலத்துக்குச் சப்ளை என்பது, இவை இருந்தால் எடுக்கலாம். பின்கோடு விட்டுப்போனது, பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்பதெல்லாம் இன்புட்டைக் கொல்லாது. ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து மாறினால் கொன்றுவிடும்.

பில் சரி. சரக்கும் வந்து இறங்கிவிட்டது. இ-வே பில், லாரி வாடகை ரசீது இரண்டையும் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம். சரக்கு வராமல் பில் மட்டும் வாங்கி இன்புட் எடுக்கும் ஆட்கள் இருப்பதால், பின்னால் கேள்வி வந்தால் "சரக்கு வந்ததா" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பில்லே பதிலாகாது.

இனி மூன்றாவது விஷயம், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது. திருப்பூர் வியாபாரி இந்த விற்பனையைத் தன் மாத விற்பனைக் கணக்கான GSTR-1-இல், நம் ஜிஎஸ்டி எண்ணுக்கு நேராக ஏற்றியிருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் நவம்பர் விற்பனையை டிசம்பர் 11-க்குள் ஏற்றுவார். டிசம்பர் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல் அதையெல்லாம் திரட்டி நமக்கு GSTR-2B என்ற பட்டியலாகக் காட்டும். டிசம்பர் 20-க்குள் நாம் வரி கட்டும் கணக்கான GSTR-3B போடும்போது அந்தப் பட்டியலில் உள்ளதைத்தான் எடுக்க முடியும். பிளைவுட் பில் பட்டியலில் இருக்கிறது. ₹18,000 நமக்கு வந்துவிட்டது.

பட்டியலில் இல்லாத பில்

இரண்டாவது, பெங்களூர் டீலரிடம் வாங்கிய கீல், டிராயர் சேனல். மதிப்பு ₹50,000. வெளிமாநிலம் என்பதால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டுக்கும் பதிலாக ஐஜிஎஸ்டி ₹9,000. பில்லில் ஒரு குறையும் இல்லை. சரக்கு வந்துவிட்டது. பணமும் முழுக்கக் கொடுத்தாயிற்று. ஆனால் GSTR-2B-இல் இந்தப் பில்லைக் காணோம்.

பல வருடமாகத் தொழில் செய்பவர்கள் இங்கேதான் கோபப்படுவார்கள். "முன்னாடியெல்லாம் எடுத்தோமே" என்பார்கள். எடுத்தது உண்மைதான். 2019 அக்டோபரில் பட்டியலில் வந்த தொகைக்கு மேல் 20 சதவீதம் வரை கூடுதலாக எடுக்க விட்டார்கள். 2020 ஜனவரியில் அது 10 ஆனது, 2021 ஜனவரியில் 5 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் அதுவும் போய்விட்டது. இப்போது பட்டியலில் இல்லை என்றால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. நாம் பணம் கொடுத்ததற்கு வங்கி அத்தாட்சி இருந்தாலும் இதே கதைதான். வாங்கியவரை வைத்து விற்றவரைக் கணக்குக் காட்ட வைக்கும் ஏற்பாடு இது. வாங்கியவர் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரியும்; ஆனால் விதி இப்படித்தான் இருக்கிறது.

பில் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். டீலர் GSTR-1 இன்னும் தாக்கல் செய்யாமல் இருக்கலாம். தாக்கல் செய்தும் நம் எண்ணுக்குப் பதில் வேறொருவர் எண்ணைப் போட்டிருக்கலாம். அல்லது நாமே காரணமாக இருக்கலாம்: போர்ட்டலில் IMS என்ற பக்கத்தில் நமக்கு வந்த பில்களுக்கு Accept, Reject, Pending என்று மூன்று பொத்தான்கள் உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். தெரியாமல் Reject அழுத்தியிருந்தால் பில் பட்டியலில் இருந்து விழுந்துவிடும். அதனால் டீலருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது.

நம் கதையில் டீலர் டிசம்பர் 16-ஆம் தேதிதான் தாக்கல் செய்தார். ஆகவே இந்த மாதம் ₹9,000 கிடையாது. அது தொலையவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. ஜனவரி 14-ஆம் தேதி வரும் பட்டியலில் வந்துவிடும். இப்படித் தள்ளிப்போவதற்கும் ஒரு எல்லை உண்டு. 2025-26 நிதியாண்டுப் பில்லுக்கு 2026 நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கை நாம் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான். அதற்குள் எடுக்காத இன்புட் போனது போனதுதான்.

பில் போலத் தெரிவது

மூன்றாவது, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய பசை. மதிப்பு ₹5,000, வரி ₹900. கடைக்காரர் முறையாக வரி போட்டு, முறையாக GSTR-1-உம் போட்டுவிட்டார். ஆனால் வாங்கப் போன பையன் பட்டறையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்கவில்லை. பில்லில் "கேஷ்" என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் கணக்கில் அது ஏதோ ஒரு வாடிக்கையாளருக்கு விற்றதாகப் பதிவாகிவிட்டது. அந்த ₹900 யாருக்குச் சொந்தம் என்பதே பில்லில் இல்லாதபோது நமக்கு எப்படி வரும்? அன்றைக்கே போய் எண்ணைக் கொடுத்துப் பில்லை மாற்றி வாங்கியிருந்தால் தப்பித்திருக்கலாம். கையால் பேனாவில் நம் எண்ணைப் பில்லில் எழுதிக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை, அதையும் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதே வகையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன வியாபாரிகள் வரி வசூலிக்கவே கூடாது. அவர்கள் தருவது வரிப் பட்டியல் அல்ல, "Bill of Supply" என்ற வேறு சீட்டு. தாங்கள் காம்போசிஷனில் இருப்பதாகவும் வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்றும் அதன் தலையிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் தவறாக வரி போட்டுக் கொடுத்தாலும் நாம் எடுக்க முடியாது. புதிய ஆளிடம் வாங்கும்போது gst.gov.in தளத்தில் "Search Taxpayer" பகுதியில் அவர் எண்ணைப் போட்டால், காம்போசிஷனா, பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் வந்துவிடும். லாகின்கூடத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களிடம் வாங்கினால் இன்னொரு சோதனை. ஆண்டு விற்றுமுதல் ₹5 கோடியைத் தாண்டியவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல், மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ்தான் தர வேண்டும். அதில் ஒரு QR கட்டமும் IRN என்ற நீளமான எண்ணும் இருக்கும். தர வேண்டியவர் அது இல்லாமல் சாதா பில் கொடுத்தால், விதி 48-இன்படி அது பில்லாகவே மதிக்கப்படாது.

வரி சரி, மாநிலம் தப்பு

நான்காவது பில் தொகையில் சின்னது. பெங்களூரில் மர இயந்திரக் கண்காட்சி பார்க்கப் போன முதலாளி இரண்டு இரவு ஓட்டலில் தங்கினார். அறை வாடகை ₹6,000, வரி 5 சதவீதம், ₹300. இவர் உஷாராகப் பட்டறையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கியிருக்கிறார். தொழிலுக்காகப் போனதுதான், சந்தேகமே இல்லை. பட்டியலிலும் வந்திருக்கிறது. ஆனால் GSTR-2B-இல் "ITC not available" என்ற பகுதியில் வந்திருக்கிறது.

காரணம் இதுதான். அறை இருப்பது கர்நாடகத்தில். கட்டடத்தோடு சேர்ந்த சேவைக்கு அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறதோ அதுதான் சப்ளை நடந்த இடம். ஓட்டலும் கர்நாடகம், சப்ளை நடந்த இடமும் கர்நாடகம். எனவே ஓட்டல்காரர் சிஜிஎஸ்டி ₹150, கர்நாடகத்தின் எஸ்ஜிஎஸ்டி ₹150 என்று போட்டிருக்கிறார். அவர் செய்தது சரி. கர்நாடகத்தில் பதிவு இல்லாத தமிழ்நாட்டுப் பட்டறைக்கு அந்த மாநில வரியில் பங்கு கேட்க வழியில்லை, கூட வந்த சிஜிஎஸ்டியும் சேர்ந்தே போய்விடும். "ஐஜிஎஸ்டி போட்டுக் கொடுங்கள்" என்று ஓட்டலில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அவர் அப்படிப் போட முடியாது.

கீல் வாங்கிய பில்லோடு இதை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் விளங்கும். அதுவும் பெங்களூர்தான். ஆனால் சரக்கு கோவைக்கு வந்து இறங்கியது, சப்ளை இடம் தமிழ்நாடு ஆனது, ஐஜிஎஸ்டி வந்தது. ஐஜிஎஸ்டி எந்த மாநிலத்திலும் செல்லும்.

ஒரே ஒர்க்‌ஷாப், இரண்டு பில்

ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே ஒர்க்‌ஷாப் கொடுத்தவை, ஒரே நாளில். ஒன்று பட்டறையின் சரக்கு வேனுக்குச் சர்வீஸ்: ₹10,000, வரி ₹1,800. இன்னொன்று பட்டறை பெயரில் வாங்கிய ஐந்து பேர் உட்காரும் காருக்குச் சர்வீஸ்: ₹20,000, வரி ₹3,600. இரண்டு பில்லிலும் ஜிஎஸ்டி எண் சரி. இரண்டும் GSTR-2B-இல், இந்தத் தடவை "ITC available" பகுதியிலேயே, பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கின்றன.

வேன் பில்லை எடுக்கலாம். கார் பில்லை எடுக்கக் கூடாது.

போர்ட்டல் "available" என்று காட்டியதை எடுத்தால் என்ன தப்பு என்று தோன்றும். போர்ட்டலுக்கு அந்தப் பில் எந்த வண்டிக்கு என்று தெரியாது. விற்றவர் ஏற்றினாரா, மாநிலம் பொருந்துகிறதா, காலம் கடந்ததா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். எதற்காக வாங்கினோம் என்பதைப் பார்த்துப் பிரிக்க வேண்டியது நம் வேலை. அந்தப் பிரிக்கும் கத்தி 17-வது பிரிவின் 5-வது உட்பிரிவு. தடுக்கப்பட்ட இன்புட் என்று சொல்வது இதைத்தான்.

ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணி வாகனத்தின் விலைக்கும், அதன் ரிப்பேர், சர்வீஸ், இன்சூரன்ஸுக்கும் இன்புட் கிடையாது. அந்த வண்டியையே விற்கும் ஷோரூமுக்கு உண்டு, டாக்சி ஓட்டுபவருக்கு உண்டு, டிரைவிங் ஸ்கூலுக்கு உண்டு. மரச்சாமான் பட்டறைக்கு இல்லை. "கஸ்டமரைப் பார்க்கத்தானுங்க கார்ல போறேன்" என்றால் அது உண்மையாக இருக்கலாம், ஆனாலும் இல்லை. சரக்கு வண்டிக்கு இந்தத் தடை இல்லை; அதனால்தான் வேன் பில் தப்பித்தது.

இந்த உட்பிரிவில் வேறு என்னென்ன என்றால், வேலையாட்களுக்கு வரவழைத்த சாப்பாடு, கிளப் உறுப்பினர் கட்டணம், சொந்த உபயோகத்துக்கு வாங்கியது, இலவசமாகக் கொடுத்தது, திருடுபோனது, வீணாய்ப் போய்க் கணக்கில் தள்ளுபடி செய்தது. சாப்பாடு, கிளப் போன்றவற்றுக்கு விலக்குகளும் உண்டு; வேறு சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் செலவானால் சில எடுக்கலாம். கடைசி இரண்டைப் பலரும் மறந்துவிடுவார்கள். மழையில் நனைந்து உப்பிப்போன பிளைவுட்டைக் கணக்கிலிருந்து தள்ளினால், அதற்கு ஏற்கெனவே எடுத்த இன்புட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

பட்டறை வைத்திருப்பவர்கள் அடிக்கடி இடறுவது கட்டட வேலையில். புதிய ஷெட் கட்ட வாங்கிய சிமெண்ட், கம்பி, மேஸ்திரி ஒப்பந்தம் எதற்கும் இன்புட் இல்லை, தொழிலுக்கான ஷெட்டாகவே இருந்தாலும் சரி. ஆனால் அதே ஷெட்டுக்குள் மரம் அறுக்கும் இயந்திரத்தை நிறுத்த ஒரு கான்கிரீட் அடித்தளம் போட்டால், அது இயந்திரத்தின் பகுதியாகவே கருதப்படும். அதற்கான சிமெண்டுக்கு எடுக்கலாம். ஒரே கடை, ஒரே சிமெண்ட். அதனால் இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஒரே பில்லாக வாங்கிவிட்டு இருபது மூட்டை இதற்கு, எழுபது அதற்கு என்று பின்னால் நிரூபிப்பது தலைவலி.

இனி கூட்டிப் பார்க்கலாம்

ஆறு பில்லில் மொத்த வரி ₹33,600. அதில் பிளைவுட் ₹18,000, வேன் ₹1,800, ஆக ₹19,800 இந்த மாதம் வருகிறது. கீல் ₹9,000 அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. பசை ₹900, ஓட்டல் ₹300, கார் ₹3,600, சேர்ந்து ₹4,800 எப்போதும் வராது. ₹45,000-இல் ₹19,800 கழித்தால் ₹25,200. கார் சர்வீஸ் போன்ற வராத வரியை இன்புட் கணக்கில் தொங்கவிடாமல், அந்தந்தச் செலவோடு சேர்த்து எழுதிவிட வேண்டும். ₹20,000 சர்வீஸ் ₹23,600 சர்வீஸாகிறது. இயந்திரம் போன்ற சொத்து வாங்கும்போது இது தலைகீழாகவும் கடிக்கும்: வரியையும் விலையோடு சேர்த்து வருமான வரியில் தேய்மானம் எடுத்துவிட்டால், அந்த வரிக்கு ஜிஎஸ்டியில் இன்புட் கிடையாது. இரண்டில் ஒன்றுதான்.

GSTR-3B-இல் இதை எழுதும் முறையில்தான் புதியவர்களுக்குக் குழப்பம். கார் பில்லை வெறுமனே விட்டுவிட்டு ₹19,800 என்று எழுதத் தோன்றும். அப்படிச் செய்தால் பட்டியலோடு ஒத்துப்போகாது. படிவத்தின் 4-வது அட்டவணையில் எழுதும் முறை இப்படி:

```
4(A)(5)   23,400   (18,000 + 1,800 + 3,600)
4(B)(1)    3,600
4(C)      19,800
4(D)(2)      300
```

பட்டியலில் கிடைக்கும் என்று வந்ததை எல்லாம் மேலே காட்டிவிட்டு, கார் பில்லைக் கீழே 4(B)(1)-இல் திருப்பிவிட வேண்டும்; கழித்த மீதி 4(C)-இல் வரும். 4(B)(1)-இல் போட்டது நிரந்தரமாகப் போனது. பின்னால் திரும்பி வரக்கூடியதை 4(B)(2)-இல் போட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது, மீண்டும் எடுக்கும்போது பெரிய சிக்கலைத் தரும். ஓட்டலின் ₹300 கணக்கில் சேராது. 4(D)(2)-இல் தகவலுக்காக மட்டும் நிற்கும்.

தகுதியில்லாததை எடுத்து, வரி கட்டவும் பயன்படுத்திவிட்டால், அந்தத் தொகையோடு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

எடுத்த பிறகும் திரும்பிப் போகும் இன்புட்

இப்போது அந்த ஒழுங்கான பிளைவுட் பில்லுக்குத் திரும்ப வருவோம். ஏனென்றால் அது இன்னும் முழுக்கத் தப்பிக்கவில்லை.

₹1,18,000-இல் முதலாளி ₹68,000 கொடுத்துவிட்டார். மீதி ₹50,000 கடன், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று திருப்பூர்க்காரரும் விட்டுவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் சுமுகமாக இருப்பது வேறு விஷயம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் போய்ச் சேராவிட்டால் அந்த அளவுக்கு இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். நவம்பர் 5-லிருந்து எண்ணினால் 180-வது நாள் 2026 மே 4. அன்றைக்கும் ₹50,000 பாக்கி என்றால் திருப்ப வேண்டிய தொகை:

```
18,000 × 50,000 ÷ 1,18,000 = 7,627
```

முழு ₹18,000 அல்ல, கொடுக்காத பணத்தின் விகிதத்தில் மட்டும். அதோடு வட்டியும் உண்டு. 180 நாள் முடிந்ததை அடுத்து வரும் GSTR-3B-இல் 4(B)(2)-இல் போட்டுத் திருப்புவார்கள். பிறகு எப்போது பாக்கியைக் கொடுக்கிறாரோ அப்போது அந்த ₹7,627-ஐ மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் 30 கெடு இதற்குப் பொருந்தாது. வட்டி மட்டும் திரும்பாது. கடனில் வாங்கும் பழக்கம் உள்ள தொழிலில், பர்சேஸ் ரிஜிஸ்டரில் பில் தேதிக்குப் பக்கத்தில் 180-வது நாளையும் ஒரு கட்டத்தில் போட்டு வைத்தால் இது கையை மீறாது.

இன்னொரு ஆபத்து நம் கையில் இல்லை. திருப்பூர் வியாபாரி GSTR-1 போட்டுவிட்டார், பில் நம் பட்டியலுக்கு வந்துவிட்டது, நாமும் எடுத்துவிட்டோம். ஆனால் வரியைக் கட்டும் GSTR-3B-ஐ அவர் போடவே இல்லை என்றால்? நிதியாண்டு முடிந்த பின் செப்டம்பர் 30 வரை, அதாவது இந்தப் பில்லுக்கு 2026 செப்டம்பர் 30 வரை அவருக்கு அவகாசம். அதற்குள் போடவில்லை என்றால், விதி 37ஏ-இன்படி நாம் நவம்பர் 30-க்குள் அந்த இன்புட்டைத் திருப்பிவிட வேண்டும். அவர் பின்னால் தாக்கல் செய்யும்போது மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம் ஒதுக்கி, பெரிய தொகைக்கு வாங்கிய ஆட்கள் ஒவ்வொருவரையும் "Search Taxpayer"-இல் தட்டி, அவர்களின் 3B தாக்கல் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் போன் செய்வதற்கு இன்னும் நேரம் இருக்கும்.

நம் முதலாளி ₹25,200-ஐ டிசம்பர் 20-க்குள் கட்டிவிட்டார், முனகிக்கொண்டே. ஜனவரி 14-ஆம் தேதி பட்டியல் வந்ததும் முதலில் தேடியது பெங்களூர் டீலரைத்தான். ₹9,000 இருந்தது, ஐஜிஎஸ்டி பத்தியில். அந்த மாதம் அவருக்கு வெளிமாநில விற்பனை ஒன்றுமில்லை. அதனால் பாதியை சிஜிஎஸ்டிக்கும் பாதியை எஸ்ஜிஎஸ்டிக்கும் கழித்துக்கொண்டார். பசை வாங்கப் போகும் பையனுடைய சட்டைப் பையில் இப்போது ஜிஎஸ்டி எண் அச்சடித்த ஒரு அட்டை இருக்கிறது.